‘ரெகவரி’ ஆய்வின் செய்முறையையும் வரம்புகளையும் ஒரு பக்கத்தில் சுருக்குவது எப்படி?

கேள்வி: நோய்ப்பரவலியல் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவிக்காக, கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ‘ரெகவரி’ ஆய்வுக் கட்டுரையை ஒரு பக்கமாகச் சுருக்க வேண்டியிருக்கிறது. முடிவுகளை எழுதிவிட்டேன். செய்முறையும் வரம்புகளும்தான் இடிக்கின்றன. செய்முறையைச் சுருக்கினால் பக்கம் முழுக்கக் கலைச்சொற்கள் நிற்கின்றன. வரம்புகளோ ‘திறந்தநிலை ஆய்வு, ஒரே நாட்டில் நடந்தது’ என்ற பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்:

வரம்புகளைத் தனிப் பத்தியாக எழுதுவதை முதலில் விட்டுவிடுங்கள். ஓர் ஆய்வின் வரம்பு என்பது செய்முறையில் எடுக்கப்பட்ட ஏதோ ஒரு முடிவின் விளைவு. அந்த முடிவை ஒரு பத்தியிலும் அதன் விளைவை நான்கு பத்திகள் தள்ளியும் வைத்தால், துறைக்குப் புதியவரால் இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியாது. ‘திறந்தநிலை ஆய்வு’ என்று படிக்கும் மாணவி அது ஏதோ ஒரு குறை என்று புரிந்துகொள்வார். அந்தக் குறை கண்டறிந்த எண்ணை மேலே தள்ளியதா, கீழே தள்ளியதா, அசைக்கவே இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. உண்மையில் அவருக்குத் தேவைப்படுவது அதுதான். எனவே செய்முறையின் ஒவ்வொரு முக்கிய முடிவையும் எழுதும்போதே, ஏன் அப்படிச் செய்தார்கள், அது எண்ணை எந்தத் திசையில் நகர்த்தக்கூடும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் எடுத்திருக்கும் கட்டுரை இதற்கு மிகப் பொருத்தமானது. 2020-இன் தொடக்கத்தில் கோவிட் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே தெளிவான கருத்து இல்லை. உடலின் நோயெதிர்ப்பு அளவுமீறிச் செயல்படுவதை ஸ்டீராய்டு அடக்கும் என்று ஒரு தரப்பு நம்பியது. வைரஸை எதிர்க்க வேண்டிய நேரத்தில் எதிர்ப்புச் சக்தியையே அடக்குவது ஆபத்து என்று மறு தரப்பு அஞ்சியது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய வழிகாட்டுதல். இந்த இரு வரிப் பின்னணி சுருக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வாளர்கள் எடுத்த முடிவுகள் பலவும் இந்தக் குழப்பத்திலிருந்தும், நோய் பரவிய வேகத்திலிருந்தும் பிறந்தவை.

செய்முறைப் பகுதியை வாசிக்க ஒரு வழி சொல்கிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு, ‘இதை அவர்கள் வேறு மாதிரியும் செய்திருக்கலாம்’ என்று தோன்றும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நிதி உதவி, கணக்கீட்டு மென்பொருளின் பெயர், குழுக்களின் அமைப்பு ஆகியவை ஆய்வின் நேர்மைக்கு அவசியமானவை. ஆனால் அவற்றில் எதுவும் எண்ணை மாற்றாது. அவற்றைத் தயங்காமல் விடலாம். எஞ்சும் வாக்கியங்கள் பெரும்பாலும் ஐந்து கேள்விகளுக்குள் அடங்கும்: யாரைச் சேர்த்தார்கள், எப்படிக் குழு பிரித்தார்கள், எதைக் கொடுத்து எதனோடு ஒப்பிட்டார்கள், எதை விளைவாக எண்ணினார்கள், எண்ணியதை எப்படிக் கணக்கிட்டார்கள். ஐந்துக்கும் சம இடம் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் கனமானவை இரண்டாவதும் ஐந்தாவதும்தான். அவை ஒன்றோடொன்று பிணைந்தும் இருக்கின்றன.

யாரைச் சேர்த்தார்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம். பிரிட்டனின் 176 மருத்துவமனை அமைப்புகளில், கோவிட் என்று உறுதியான அல்லது சந்தேகிக்கப்பட்ட உள்நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். டெக்ஸாமெத்தசோன் இவருக்குக் கட்டாயம் தேவை என்றோ, கொடுக்கவே கூடாது என்றோ சிகிச்சை அளிக்கும் மருத்துவர் கருதினால், அந்த நோயாளி இந்த ஒப்பீட்டில் வரமாட்டார். இந்த இரண்டாவது விஷயத்தைச் சுருக்கம் எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்ற ஐயம் மருத்துவருக்கு இருந்த நோயாளிகளைப் பற்றித்தான் இந்த ஆய்வின் முடிவு பேசுகிறது. ஸ்டீராய்டு ஆகாது என்று மருத்துவர் ஒதுக்கி வைத்த நோயாளிக்கு இந்த எண்களைப் பொருத்த முடியாது.

அடுத்தது குழு பிரித்தல். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். கட்டுரை சொல்வது இது: இணையதளம் வழியாக, எளிய சமவாய்ப்பு முறையில், அடுக்குப் பிரிப்பு இல்லாமல், ஒதுக்கீட்டை மறைத்து நோயாளிகளைப் பிரித்தார்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று கலைச்சொற்கள் வந்துவிட்டன. புதியவருக்காக இதை இப்படி அவிழ்க்கலாம்: நோயாளியின் விவரங்களை மருத்துவர் கணினியில் பதிந்து, அவரை ஆய்வில் சேர்ப்பதாக உறுதி செய்த பிறகுதான் அவர் எந்தக் குழு என்பது திரையில் தெரியும். அதற்கு முன் யாருக்கும் தெரியாது. எனவே பிழைப்பார் என்று தோன்றும் நோயாளிகளை மருந்துக் குழுவுக்கு நகர்த்த யாராலும் முடியாது.

இந்த மறைப்பையும், சிகிச்சை தொடங்கிய பின் யாருக்கு என்ன மருந்து என்பதை மறைப்பதையும் மாணவர்கள் ஏறக்குறைய எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள். ரெகவரியில் முதல் மறைப்பு இருந்தது, இரண்டாவது இல்லை. மருந்துப்போலி தரப்படவில்லை, யாருக்கு டெக்ஸாமெத்தசோன் போகிறது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியும். ‘திறந்தநிலை’ என்பதன் பொருள் இது மட்டுமே. குழு பிரித்ததில் ஓட்டை இருந்தது என்று அதற்குப் பொருளில்லை. சுருக்கத்தில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களாக வைத்துவிட்டால் குழப்பம் எழவே வாய்ப்பில்லை.

இனி அந்த ‘அடுக்குப் பிரிப்பு இல்லாமல்’ என்ற சொற்றொடர். வாசிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். அடுக்குப் பிரிப்பு என்றால், வயது போன்ற ஒரு பண்பை முன்னரே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயது வரம்புக்குள்ளும் தனித்தனியாகக் குழு பிரிப்பது. அப்படிச் செய்தால் இரு குழுக்களின் வயது அமைப்பும் ஒத்திருக்கும். ரெகவரி அதைச் செய்யவில்லை. நெருக்கடியில் திணறிய மருத்துவமனைகளில் சேர்க்கையை முடிந்தவரை எளிமையாக வைத்திருந்த ஓர் ஆய்வில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்கும்போது குழுக்கள் தாமாகவே ஏறக்குறைய சமப்படும் என்பதும் உண்மை. ஆனால் ‘ஏறக்குறைய’ என்பதில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. மருந்துக் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 1.1 வயது மூத்தவர்களாக அமைந்துவிட்டார்கள். கோவிட்டில் மரண வாய்ப்பு வயதோடு செங்குத்தாக ஏறும். ஆகவே இந்தச் சிறிய வித்தியாசத்தையும் புறக்கணிக்க முடியாது.

அதனால் ஆய்வாளர்கள் கணக்கீட்டில் வயதுக்கு ஏற்பத் திருத்தம் செய்தார்கள். முதலில் எழுதிய புள்ளியியல் திட்டத்தில் இந்தத் திருத்தம் இல்லை. வயது வித்தியாசம் தெரிந்த பிறகுதான் அதைச் சேர்த்தார்கள். கட்டுரையின் செய்முறைப் பகுதியிலேயே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். திருத்தம் இல்லாத கணக்கும் பிற்சேர்க்கையில் இருக்கிறது. இந்த ஒரு தகவல், நீங்கள் எழுதியிருக்கும் ‘ஒரே நாட்டில் நடந்தது’ என்பதைவிடப் பலமடங்கு முக்கியமான வரம்பு. தரவைப் பார்த்த பிறகு கணக்கிடும் முறையை மாற்றுவது எந்த ஆய்விலும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டிய செயல். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் மாணவி ஆய்வாளர்களை ஐயுறத் தொடங்கிவிடுவார். திசையையும் சொல்லுங்கள்: மருந்துக் குழுவில் வயதானவர்கள் கூடுதல் என்றால், திருத்தாத கணக்கு மருந்தின் பலனைக் குறைத்தே காட்டும். திருத்தம் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. திருத்தாமல் பார்த்தாலும் மருந்துக் குழுவில் மரணம் குறைவாகவே இருக்கிறது. எனவே முடிவின் திசை இந்தத் திருத்தத்தைச் சார்ந்ததல்ல; அளவு மட்டும் சார்ந்தது.

இதை மாணவி தாமே கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மருந்துக் குழுவில் 2104 பேர், அவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 482 பேர், அதாவது 22.9 சதவீதம். வழக்கமான சிகிச்சைக் குழுவில் 4321 பேர், இறந்தவர்கள் 1110 பேர், அதாவது 25.7 சதவீதம். 22.9-ஐ 25.7-ஆல் வகுத்தால் 0.89 வரும். கட்டுரையோ 0.83 என்கிறது. கூர்ந்து படிக்கும் மாணவர் இந்த இடத்தில் கட்டாயம் தடுக்கி விழுவார். தாம் தவறாக வகுத்துவிட்டதாகவோ, கட்டுரையில் அச்சுப்பிழை என்றோ நினைப்பார். இரண்டும் இல்லை. இடைவெளியின் பெரும்பகுதி வயதுத் திருத்தத்தால் வருகிறது. எஞ்சியது, கட்டுரை ஒப்பிடுவது 28-ஆம் நாளில் இறந்திருந்தோரின் பங்கை அல்ல, 28 நாட்களிலும் மரணம் நிகழும் வீதத்தை என்பதால் வருகிறது. மரணம் அதிகமாக இருக்கும் குழுக்களில் இந்த இரண்டு அளவைகளும் கூடுதலாகவே விலகும். சுருக்கத்தில் 22.9, 25.7, 0.83 மூன்றையும் எழுதுகிறீர்கள் என்றால், ‘இரண்டையும் வகுத்தால் 0.83 வராது, ஏனென்றால் அது வயதுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது’ என்ற விளக்கத்தையும் சேர்த்தே ஆக வேண்டும்.

2104, 4321 என்ற எண்களைப் பார்த்ததும் இன்னொரு கேள்வியும் எழும்: மருந்துக் குழுவில் பாதிப் பேர் விலகிவிட்டார்களா? இல்லை. ஒரே ஆய்வுக்குள் பல மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட வேண்டியிருந்ததால், அந்தக் குழுவுக்கு ஒரு மருந்துக் குழுவைப்போல இரு மடங்கு நோயாளிகளை ஒதுக்கினார்கள். ஒரு வாக்கியம் போதும்.

எதைக் கொடுத்தார்கள் என்பதும் சுருக்கமானது: வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து தினம் ஒருமுறை 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், வாய்வழியாகவோ நரம்பு வழியாகவோ, அதிகபட்சம் 10 நாட்கள், அதற்குள் வீடு திரும்பினால் அத்தோடு நிறுத்தம். ஆனால் இதற்குள் ஒரு வரம்பு ஒளிந்திருக்கிறது. வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் சுமார் 8 சதவீதம் பேருக்கு, மருத்துவர்கள் தங்கள் முடிவின்படி டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சை மறைக்கப்படாத ஆய்வுகளில் இது நடக்கும். அவர்களை என்ன செய்தார்கள்? மருந்துக் குழுவுக்கு மாற்றவும் இல்லை, கணக்கிலிருந்து நீக்கவும் இல்லை. யார் எந்தக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டாரோ, அந்தக் குழுவிலேயே வைத்து எண்ணினார்கள்.

புதியவர்களுக்கு இது அநியாயமாகப் படும். மருந்து வாங்கியவரை மருந்து வாங்காதவர் பட்டியலில் வைப்பதா என்று கேட்பார்கள். அதற்கான பதில் இது: மருத்துவர் யாருக்கு மருந்து கொடுக்கத் துணிந்திருப்பார்? பெரும்பாலும் நிலை மோசமானவருக்கு. அவர்களை மருந்துக் குழுவுக்கு மாற்றினால், சமவாய்ப்பு முறையில் பிரித்ததன் பயனே போய்விடும். அதே குழுவில் வைத்தால், இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு சற்று மங்கும். அதாவது இந்த வரம்பு மருந்தின் பலனைக் குறைத்துக் காட்டும் திசையில் வேலை செய்கிறது. பலன் இருக்கிறது என்று முடிவு சொல்லும் ஆய்வில், பலனைக் குறைக்கும் திசையிலான வரம்பு முடிவைப் பலவீனப்படுத்துவதில்லை. இந்த ஒரு தர்க்கத்தை மாணவி பிடித்துக்கொண்டால், அடுத்த கட்டுரையில் நீங்கள் உதவ வேண்டியிருக்காது.

விளைவாக எதை எண்ணினார்கள்? 28 நாட்களுக்குள் எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மரணம். ‘திறந்தநிலை’ என்ற வரம்பின் கனத்தை இங்கேதான் எடைபோட வேண்டும். எண்ணிய விளைவு மூச்சுத்திணறல் எவ்வளவு குறைந்தது என்று நோயாளி தரும் மதிப்பெண்ணாக இருந்திருந்தால், மருந்து கிடைத்தது என்ற அறிவே மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கும். அப்போது ஆய்வின் நம்பகத்தன்மை ஆட்டம் கண்டிருக்கும். மரணம் அப்படி யாருடைய எதிர்பார்ப்புக்கும் வளைந்துகொடுக்காது. பிரிட்டனின் தேசியப் பதிவேடுகளோடு தரவை இணைத்தும் பார்த்திருக்கிறார்கள். எனவே திறந்தநிலை என்பது முதன்மை விளைவை எண்ணியதில் பெரிய பிழையைப் புகுத்தியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அதே ஆய்வில் எப்போது வீட்டுக்கு அனுப்பினார்கள், யாரைச் செயற்கைச் சுவாசத்துக்கு மாற்றினார்கள் என்பவையும் அளக்கப்பட்டன. இவை மருத்துவரின் தீர்மானங்கள். அங்கே திறந்தநிலையின் நிழல் கூடுதலாக விழும். ஒரே வரம்பு ஒரு விளைவுக்கு லேசாகவும் இன்னொன்றுக்குக் கனமாகவும் இருக்கிறது. ‘திறந்தநிலை ஆய்வு’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதும்போது தொலைவது இதுதான்.

இப்போது மிகவும் தவறாகப் படிக்கப்படும் பகுதிக்கு வருவோம். ஆய்வில் சேர்ந்தபோது இருந்த சுவாச உதவியின்படி நோயாளிகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இந்தப் பிரிவு முன்கூட்டியே திட்டமிட்டது; எண்களைப் பார்த்துவிட்டுத் தேடியதல்ல. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்துக் குழுவில் 29.3 சதவீதமும் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதமும் இறந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 23.3, 26.2. எந்தச் சுவாச உதவியும் தேவைப்படாதவர்களில் 17.8, 14.0.

மூன்றாவது வரிசையில் எண்கள் தலைகீழாகின்றன. இதைப் பார்த்ததும் ‘லேசான நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் ஆபத்து என்று ரெகவரி நிரூபித்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு நேரெதிராக, ‘புள்ளியியல் முக்கியத்துவம் இல்லை, ஆகவே தீங்கும் இல்லை’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டுமே தவறு. இந்தக் குழுவுக்கான விகிதம் 1.19, அதன் 95 சதவீத நம்பக இடைவெளி 0.92 முதல் 1.55 வரை. இதை வாக்கியமாக்கினால், மருந்து மரணத்தை ஏறக்குறைய 8 சதவீதம் குறைத்திருக்கலாம், 55 சதவீதம் கூட்டியும் இருக்கலாம், இந்த எல்லைக்குள் எதையும் தரவு விலக்கவில்லை என்று ஆகும். இந்தக் குழுவில் பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. தீங்குக்கான வாய்ப்பு திறந்தே இருக்கிறது. இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

இங்கேயும் வரம்பு எங்கிருந்து வந்தது என்று காட்டலாம். எத்தனை பேர் வேண்டும் என்று தொற்றின் தொடக்கத்தில் கணக்கிட முடியாத நிலை. பின்னர், ஒப்பீட்டு முடிவுகளை அறியாத வழிநடத்தும் குழு, மரணம் 20 சதவீதம் என்று கொண்டால் மருந்துக்கு 2000 பேரும் வழக்கமான சிகிச்சைக்கு 4000 பேரும் இருந்தால் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதைக் கண்டறியலாம் என்று தீர்மானித்தது. 2000-ஐத் தாண்டியதும், 2020 ஜூன் 8 அன்று, டெக்ஸாமெத்தசோன் பிரிவில் சேர்க்கையை நிறுத்தினார்கள். அந்தக் கணக்கு மொத்த நோயாளிகளுக்கானது. சுவாச உதவி தேவைப்படாத குழுவில் மருந்து பெற்றவர்கள் 501 பேர் மட்டுமே. மொத்தக் கேள்விக்குப் போதுமான எண்ணிக்கை, அதன் ஒரு துண்டுக்குப் போதாது. இடைவெளி அகன்றிருப்பதன் காரணம் இதுவே.

பக்கவிளைவுகள் பற்றியும் ஒரு எச்சரிக்கை வேண்டும். நோயாளி வீடு திரும்பும்போதோ, இறக்கும்போதோ, 28-ஆம் நாளிலோ, எது முந்துகிறதோ அப்போது ஒரே ஒரு படிவம் நிரப்பினால் போதும் என்ற ஏற்பாடு ஆய்வில் இருந்தது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த மாதங்களில் 6425 பேரைச் சேர்க்க முடிந்ததற்கு அந்த எளிமை ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். அதன் விலை, நுணுக்கமான தகவல் குறைவு. மருந்தால் நேர்ந்ததாகக் கருதப்பட்ட தீவிரப் பாதிப்புகள் நான்கே பதிவாகியுள்ளன. அதைப் பார்த்து ‘ஸ்டீராய்டு பாதுகாப்பானது என்று தெரிந்தது’ என்று எழுதக் கூடாது. தேடும் முறை எளிமையாக இருந்தால் கிடைப்பதும் குறைவாகவே இருக்கும். மொத்த மரணத்தின் மீதான விளைவை இந்த ஆய்வு நன்றாக அளந்தது. சர்க்கரை உயர்வு எத்தனை பேருக்கு வந்தது போன்ற கேள்விகளுக்கு அது பதில் தேடும் இடம் அல்ல. 28 நாட்களுக்குப் பின் என்ன ஆனது என்பதையும் இந்தக் கட்டுரையிலிருந்து சொல்ல முடியாது.

‘ஒரே நாட்டில் நடந்தது’ என்பதை என்ன செய்வது? அப்படியே விட்டால் அதற்குப் பொருளில்லை. நாடு மாறினால் எது மாறும் என்று சொல்லுங்கள். 2020 மார்ச் முதல் ஜூன் வரை, தடுப்பூசி வருவதற்கு முன், தீவிரச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இது. இன்றைய நோயாளியின் அடிப்படை மரண வாய்ப்பு அன்றைய 25.7 சதவீதமாக இருக்காது. விகிதம் ஓரளவு நிலைத்தாலும், நூறு பேருக்குச் சிகிச்சை அளித்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்ற கணக்கு மாறிவிடும். அன்று வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே வேறுபாடு 12.1 சதவீதப் புள்ளிகள். ஏறக்குறைய எட்டுப் பேருக்குச் சிகிச்சை அளித்தால் ஒருவர் பிழைக்கிறார். அந்த எட்டு அந்தக் காலத்துக்கும் அந்த நோயாளிகளுக்கும் உரிய எண்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் உங்கள் பக்கத்தின் செய்முறைப் பகுதி ஏறக்குறைய இப்படி அமையும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், வெட்டவும் செய்யலாம்:

> கோவிட் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு உதவுமா, கெடுக்குமா என்று தெரியாத 2020 மார்ச்–ஜூன் காலத்தில், பிரிட்டனின் 176 மருத்துவமனை அமைப்புகளில் இந்த ஆய்வு நடந்தது. டெக்ஸாமெத்தசோன் கொடுக்கலாமா என்ற ஐயம் மருத்துவருக்கு இருந்த உள்நோயாளிகள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். முடிவு அவர்களுக்கே பொருந்தும்.
>
> யார் எந்தக் குழு என்பதைக் கணினி சமவாய்ப்பு முறையில் தீர்மானித்தது. சேர்க்கும்வரை அது யாருக்கும் தெரியாது. 2104 பேர் தினம் 6 மி.கி. மருந்தை அதிகபட்சம் 10 நாட்கள் பெறவும், 4321 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெறவும் ஒதுக்கப்பட்டார்கள். சிகிச்சை தொடங்கிய பின் எதுவும் மறைக்கப்படவில்லை. எண்ணிய முதன்மை விளைவு 28 நாட்களுக்குள் மரணம் என்பதால் இது அந்த எண்ணை அதிகம் பாதித்திருக்காது. மருத்துவரின் தீர்மானத்தைச் சார்ந்த மற்ற விளைவுகளைப் பாதித்திருக்கலாம். வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் சுமார் 8 சதவீதம் பேர் மருந்து பெற்றார்கள். இது பலனைக் குறைத்தே காட்டும்.
>
> வயதின்படி அடுக்குப் பிரிக்காததால் மருந்துக் குழு சராசரியாக 1.1 வயது மூத்ததாக அமைந்தது. இதைக் கண்ட பிறகு வயதுத் திருத்தம் சேர்க்கப்பட்டது. அது முதல் திட்டத்தில் இல்லை. திருத்தாமல் பார்த்தாலும் மரணம் 22.9-க்கு 25.7 சதவீதம், திருத்திய விகிதம் 0.83 (0.75 முதல் 0.93).
>
> சுவாச உதவி தேவைப்படாதவர்களில் பலனுக்குச் சான்று இல்லை, தீங்கை விலக்கவும் முடியவில்லை (1.19, 0.92 முதல் 1.55). பக்கவிளைவுகளையும் 28 நாட்களுக்குப் பிந்தைய நிலையையும் பற்றி இந்த ஆய்வால் அதிகம் சொல்ல முடியாது.

இதில் ‘நம்பக இடைவெளி’ என்ற சொல்லையே நான் எழுதவில்லை. அடைப்புக்குறிக்குள் எண்களை மட்டும் வைத்திருக்கிறேன். மாணவி அந்தச் சொல்லை வகுப்பில் படித்திருந்தால் சேர்த்துவிடுங்கள். புள்ளியியல் மாதிரியின் பெயரும் இல்லை. அதை எழுதினால் அவர் அந்தப் பெயரைத் தேடிப் போய்விடுவார். வயதுத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்பது பின்னால் போய்விடும். மாறாக, திட்டத்தில் இல்லாத திருத்தம் பற்றிய வாக்கியத்தை இடம் போதவில்லை என்று வெட்டத் தோன்றினால், வேறு எதையாவது வெட்டுங்கள்.

எழுதி முடித்ததும் மாணவியிடம் கொடுத்து, புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார். அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வழக்கமான சிகிச்சைக் குழுவில் ஒருவருக்குக்கூட மருந்து போயிருக்காவிட்டால் 0.83 என்ற எண் ஒன்றை நெருங்கியிருக்குமா, விலகியிருக்குமா? மருந்துக் குழு 1.1 வயது இளையதாக அமைந்திருந்தால் திருத்தாத கணக்கு எதைக் காட்டியிருக்கும்? முதலாவதற்கு ‘விலகியிருக்கும்’ என்றும், இரண்டாவதற்கு ‘பலனை மிகைப்படுத்தியிருக்கும்’ என்றும் அவர் சொன்னால் சுருக்கம் வேலை செய்கிறது. தடுமாறினால், தடுமாறிய இடத்துக்குரிய பத்தியில் திசை தெளிவாக எழுதப்படவில்லை என்று பொருள். அந்தப் பத்தியை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இந்த ஆய்வு மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: 2020 ஜூனில், வல்லுநர் மதிப்பாய்வுக்கு முன்பே வந்த முன்பதிப்பு, அதே ஆண்டு ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இணையத்தில் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கை, 2021 பிப்ரவரியில் அதே இதழில் அச்சான இறுதிக் கட்டுரை. முன்பதிப்பில் மொத்த மரணம் 21.6-க்கு 24.6 சதவீதம் என்று இருக்கும், ஏனென்றால் அப்போது எல்லாருடைய 28 நாள் விவரமும் முழுமையாக வந்துசேரவில்லை. நான் மேலே கொடுத்தவை இறுதிக் கட்டுரையின் எண்கள். நீங்கள் ஏற்கெனவே எழுதி முடித்த முடிவுகள் பகுதி எந்த வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருமுறை சரிபார்த்து, அதைப் பக்கத்தின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.